தண்ணியே குடிக்கல... ஏ.டி.எச். கூடுமா, குறையுமா? தேர்வில் குழப்பும் சிறுநீரகக் கேள்வி

'ஒருவர் கடும் வெயிலில் 5 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பயணிக்கிறார். அவரது ரத்தத்தில் ஏ.டி.எச். ஹார்மோனும், வெளியேறும் சிறுநீரும் எப்படி மாறும்?' மனித உயிரியல் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால், 'இரண்டும் குறையும்' என்று டிக் அடிக்கத் தோன்றும். அது தப்பு. ஹார்மோன் கூடும், சிறுநீர் குறையும்.

பெயரிலேயே விடை

'டையூரிசிஸ்' என்றால் அதிகமாகச் சிறுநீர் போவது. அதைத் தடுப்பதால்தான் இது 'ஆன்டி டையூரெடிக்' ஹார்மோன். அதாவது ஏ.டி.எச். ஏறினால் சிறுநீர் இறங்கும்.

180 லிட்டர் எங்கே போகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. அவற்றின் குளோமருலஸில் நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுகிறது. ஆனால் வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர்தான். மீதி ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

அதில் மூன்றில் இரண்டு பங்கை அண்மைச் சுருண்ட நுண்குழலே உறிஞ்சிவிடும். நீங்கள் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இது நடக்கும். சிறுநீர் எவ்வளவு என்ற இறுதி முடிவு, கடைசியில் இருக்கும் சேகரிப்பு நாளத்தில்தான்.

கதவைத் திறக்கும் ஹார்மோன்

நம்ம பயணிக்கு வியர்வை போகப் போக, ரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. இதை மூளையின் ஹைபோதலாமஸ் உணர்ந்ததும், பிட்யூட்டரியின் பின்பகுதி ஏ.டி.எச்.-ஐ விடுவிக்கிறது. உடனே சேகரிப்பு நாளத்தின் சுவரில் 'அக்வாபோரின்' என்ற நீர்க் கதவுகள் வந்து சேர்கின்றன. சுற்றியுள்ள மெடுல்லா பகுதியை ஹென்லே வளைவு ஏற்கெனவே உப்பாக்கி வைத்திருக்கும். அதனால் தண்ணீர் அங்கே இழுக்கப்பட்டு, ரத்தத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சமாக, அடர் மஞ்சளாக இருக்கும். நிறைய தண்ணீர் குடித்தால் இதெல்லாம் தலைகீழ்.

சிறுநீர் நின்றே போகுமா?

போகாது. தினமும் சுமார் 600 மில்லிஆஸ்மோல் கழிவுப் பொருட்களும் உப்புகளும் வெளியேற வேண்டும். நம் சிறுநீரகத்தால் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 1,200 மில்லிஆஸ்மோல் வரைதான் அடர்த்தியாக்க முடியும். 600-ஐ 1,200-ஆல் வகுத்தால் அரை லிட்டர். எவ்வளவு தாகம் என்றாலும் ஒரு நாளில் அவ்வளவாவது போயே ஆகணும்.

ஏ.டி.எச். இல்லைன்னா?

அந்த நிலைதான் டயாபடீஸ் இன்சிபிடஸ். லிட்டர் கணக்கில் நீர்த்த சிறுநீர் போகும், தாகம் அடங்காது. ஆனால் சிறுநீரில் சர்க்கரை இருக்காது. ஏ.டி.எச். போலவே செயல்படும் டெஸ்மோபிரசின் மருந்தைக் கொடுத்ததும் சிறுநீர் அடர்த்தியானால், குறை ஹார்மோன் சுரப்பில். மாற்றமே இல்லையென்றால், ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை என்று பொருள்.