ஓடாத டயருக்கும் வயதாகும்

2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். டயரில் பட்டன் போதுமான அளவு இருந்தது. ஆனால் அதன் வயது 19 ஆண்டுகளுக்கும் மேல், பேருந்தைவிட மூத்தது!

வயதை அறிய, டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3514 என்றால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தையது, பேச்சே வேண்டாம்.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி ஓடாவிட்டாலும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெப்பமும் ரப்பரை இறுகச் செய்யும். உள்ளே கம்பி அடுக்குகளின் பிடிப்பு தளரும். இது கண்ணுக்குத் தெரியாது. வெடிப்பு தெரிந்தால் கழற்றிவிட வேண்டியதுதான்.

பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. பத்தைத் தாண்டியது எவ்வளவு பளபளத்தாலும் ஓட்டத்துக்கு ஆகாது.