பருத்த தொடைக்கு எந்த பேண்ட்?

உயரம் 5 அடி 4 அங்குலம், தொடை பருமன். இப்படிப்பட்டவருக்கு ரெடிமேட் பேண்ட்டில் இடுப்பு 32 பொருந்தினாலும் தொடை பிடிக்கும். பக்கவாட்டு பாக்கெட்டின் வாய் பிளந்து நிற்கும். கவட்டையிலிருந்து குறுக்கே சுருக்கங்கள் ஓடும். அங்கே துணி போதவில்லை என்று அர்த்தம். 34-க்கு மாறினால் இடுப்பு தொளதொளக்கும்.

இவருக்குத் தேவை பிளீட். பக்கத்துக்கு ஒன்று போதும். நிற்கும்போது படிந்திருந்து, உட்காரும்போது விரிந்து தொடைக்கு இடம் கொடுக்கும். நிற்கும்போதே அது விரிந்திருந்தால் பேண்ட் இன்னும் இறுக்கம்தான்.

லோ வெயிஸ்ட் வேண்டவே வேண்டாம். அது காலை இன்னும் குட்டையாகக் காட்டும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே பேண்ட் நிற்கட்டும். முழங்காலுக்குக் கீழே மெல்லக் குறுகி, பாட்டம் சுற்றளவு 15 அங்குலம் வரை வரலாம். அதற்கும் கீழே குறுக்கினால் தொடைதான் பெரிதாகத் தெரியும்.

நீளத்தை ஷூ போட்டுக்கொண்டே அளக்கச் சொல்லுங்கள். பாட்டம் ஷூவை லேசாகத் தொட்டால் போதும். துணி அங்கே மடிந்து குவிந்தால் உயரம் குறைந்து தெரியும். ஒல்லியாக, நெட்டையாக இருப்பவருக்கு ஒரு மடிப்பு விழுந்தாலும் அழகுதான்.