வலி ஜெல்லும் ஒரு மருந்துதான்: யார் தடவக்கூடாது?

மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்கத் தயங்கும் பலர், ஜெல்லையும் ஸ்பிரேயையும் யோசிக்காமல் கையில் எடுத்துவிடுகிறார்கள். தோலின் மேல்தானே தடவுகிறோம், உடம்புக்குள் என்ன போய்விடப் போகிறது என்பதுதான் அவர்களின் எண்ணம். மருந்தகத்தில் கிடைக்கும் வலி ஜெல்களில் பல, மருத்துவர் தரும் வலி மாத்திரையில் உள்ள அதே மருந்தைக் கொண்டவை. ஆகவே, மாத்திரை ஆகாத சிலருக்கு அந்த ஜெல்லும் ஆகாமல் போகலாம்.

பெட்டியில் எந்தப் பெயரைப் பார்ப்பது?

வலிக்குத் தடவும் எல்லாமே ஒரே வகை இல்லை. மெந்தால், கற்பூரம் மட்டும் கலந்தவை தோலில் குளிர்ச்சியையோ சூட்டையோ உண்டாக்கி வலியை மறக்கச் செய்பவை. டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், ஐபுப்ரோஃபென், பைராக்ஸிகாம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கும் மருந்து. நம் வீடுகளில் இருக்கும் பல தைலங்களிலும் தசைவலி ஸ்பிரேக்களிலும் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு.

பெட்டியின் முன்புறம் பெரிதாக இருப்பது வணிகப் பெயர். மருந்தின் பெயர் அதற்குக் கீழேயோ பின்புறமோ சிறிய எழுத்தில், விழுக்காட்டுடன் இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

எவ்வளவு உள்ளே போகிறது?

1 விழுக்காடு டைக்ளோஃபெனாக் ஜெல்லை ஒரு முழங்காலில் மட்டும், ஒரு வேளைக்கு 4 கிராம் என்று நாளுக்கு 4 முறை தடவினால், மாத்திரை சாப்பிடும்போது இரத்தத்தில் சேரும் மருந்தில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் சேர்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் மாத்திரைக்கு முன் ஜெல்லைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். வயிற்றுப் புண் உள்ள முதியவருக்கு மாத்திரையைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இரண்டு முழங்கால், இரண்டு கை என்று நாளுக்கு 48 கிராம் வரை தடவினால், அந்த 6 விழுக்காடு ஏறத்தாழ 20 ஆகிவிடுகிறது. வெட்டுக்காயம், புண் உள்ள இடத்தில் தடவினாலோ, தடவிய இடத்தை இறுக்கிக் கட்டினாலோ, மேலே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ இன்னும் கூடுதலாக உள்ளே போகக்கூடும்.

வெயிலில் வேலை செய்பவர்கள்

தோட்டத்து வேலையாட்கள் முதலில் அறிந்திருக்க வேண்டியது கீட்டோப்ரோஃபென் பற்றி. இந்த மருந்து தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படும். இக்காரணத்தால் பிரான்ஸ் 2009 இறுதியில் இந்த ஜெல்லின் விற்பனையை நிறுத்தியது. அதை ஆராய்ந்த ஐரோப்பிய மருந்து ஆணையம், விற்பனையைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே தர வேண்டும் என்று 2010-இல் பரிந்துரைத்தது.

ஓர் எடுத்துக்காட்டாக, செம்பனைக் குலை வெட்டும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். முழங்கை வலிக்குக் காலையில் கீட்டோப்ரோஃபென் ஜெல் தடவிவிட்டு, அரைக்கைச் சட்டையுடன் வேலைக்குப் போகிறார். மூன்று நான்கு நாளில் தடவிய இடம் சிவந்து, அரித்து, கொப்புளம் கிளம்புகிறது. பூச்சி கடித்திருக்கும், புல் மருந்து பட்டிருக்கும் என்று நினைக்கிறார். ஜெல்லை நிறுத்தியதும் தோல் கொஞ்சம் ஆறுகிறது. அடுத்த வாரம் மறுபடியும் வெயிலில் நின்றதும், ஜெல்லே தடவாமல் அதே இடம் சிவக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுவது இதுதான். சிவப்பு ஜெல் தடவிய இடத்தின் வடிவத்திலேயே இருக்கும். சட்டைக்கை மறைத்த பகுதி தப்பித்திருக்கும். ஜெல்லை நிறுத்திய பிறகும் மருந்து தோலில் தங்கியிருப்பதால், பயன்படுத்தும் நாட்களிலும் அதன் பிறகு 2 வாரங்களுக்கும் அந்த இடத்தைத் துணியால் மூடியிருக்க வேண்டும். மேகமூட்டமான நாளும் விதிவிலக்கு இல்லை. தடவிய கையைக் கழுவாமல் முகத்தைத் தொட்டால் முகத்திலும் வரலாம். கொப்புளம் கண்டால் ஜெல்லை உடனே நிறுத்திவிட்டு, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். நாள் முழுதும் வெயிலில் இருப்பவர்கள் வேறு மருந்துள்ள ஜெல்லைக் கேட்பதே நல்லது.

ஆஸ்துமா உள்ளவர்கள்

ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் வகை மருந்துகள் சேராது. ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ சாப்பிட்ட சில மணி நேரத்தில் மூக்கு அடைத்து, ஒழுகி, நெஞ்சு இறுகி, மூச்சு இழுக்கும். மூக்கில் சதை வளர்ந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மாத்திரையால் ஒருமுறை இப்படி ஆனவர்கள், மேலே சொன்ன மருந்துகள் உள்ள ஜெல்லையும் ஸ்பிரேயையும் தொடவே கூடாது. இவர்களுக்குச் சிறிய அளவே போதும், மூச்சுத் திணறலைத் தூண்டிவிட.

சிறுநீரகம் பலவீனமானவர்கள்

சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களை விரிந்த நிலையில் வைத்திருக்க உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. வலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வலி மருந்து அதைத் தடுக்கும்போது, வலி குறைவதோடு சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. நல்ல சிறுநீரகம் அதைத் தாங்கிக்கொள்ளும். நீரிழிவால் ஏற்கெனவே பழுதடைந்த சிறுநீரகத்தால் முடியாமல் போகலாம். பெரிண்டோப்ரில், எனாலாப்ரில் போன்ற இரத்தக் கொதிப்பு மருந்தையும் நீர் மாத்திரையையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும்.

இவர்களுக்கு ஒரு மூட்டில் சில நாள் தடவலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தாங்களாகவே பல இடங்களில் வாரக்கணக்கில் தடவுவதும், ஜெல்லோடு மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரையைச் சேர்த்துக்கொள்வதும் கூடாது. கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் வார்ஃபரின் எடுப்பவர்களும்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த மருந்துகள் கூடாது. குழந்தையின் இதயத்தை ஒட்டி, பிறந்த பிறகு மூட வேண்டிய ஓர் இரத்தக்குழாய், கருவிலேயே சுருங்கிவிடும் வாய்ப்பு உண்டு. அதற்கு முந்திய மாதங்களிலும் இடுப்புவலிக்கு ஜெல் வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது தைலத்தை. மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலத்தைத் தினமும் நிறையத் தேய்த்தால், வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தக் கசிவு ஏற்படலாம். பல் ஈறில் இரத்தம், காரணமில்லாத கருநீலத் தழும்பு, கறுத்த மலம் ஆகியவை அதற்கான அடையாளங்கள்.

இந்த நிலைகளில் உள்ளவர்களுக்கு வலி வந்தால், பாரசிட்டமால் ஒத்துவருமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்கலாம். மருந்தகத்தில் ஜெல் கேட்கும்போது, உள்ள நோய்களையும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொன்னால், எது பொருந்தும் என்று மருந்தாளரே பார்த்துத் தருவார்.