பறந்த மைல் கணக்கில் ஏறவில்லையா?

சென்னையிலிருந்து லுஃப்தான்சா விமானத்தில் பிராங்க்ஃபர்ட் போகும் ஒருவர், அந்தப் பயணத்துக்கான மைல்களை ஏர் இந்தியாவின் 'மகாராஜா கிளப்' கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன. மைல்கள் தாமாக வந்து சேர டிக்கெட் பதிவில் அவருடைய உறுப்பினர் எண் இருக்க வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து 'முருகன் கார்த்திக்' என்று இருக்கும். உறுப்பினராகச் சேர்ந்தபோது பழக்கத்தில் 'எம். கார்த்திக்' என்று கொடுத்திருப்பார்கள். கணினிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். எனவே கணக்கைத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் பயணத்துக்கு முன்பே திருத்தக் கேளுங்கள்.

எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே கொடுக்கலாம். டிராவல் ஏஜென்ட் விட்டிருந்தால், லுஃப்தான்சா தளத்தில் ஆறு எழுத்து பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் இட்டுப் பதிவைத் திறந்து சேர்க்கலாம். விமான நிலைய கவுன்ட்டரிலும் சொல்லலாம். எண்ணை இடும்முன் எந்தத் திட்டம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஒரு பயணத்தின் மைல் ஒரே திட்டத்தில்தான் ஏறும். ஏறியபின் இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாலும் நடக்காது. போர்டிங் பாஸில் AI என்ற எழுத்துகளுடன் உங்கள் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். விமானம் ரத்தாகி வேறொன்றில் மாற்றி ஏற்றினால் எண் விடுபட்டுப்போவதுண்டு. அப்போது கட்டாயம் பார்க்க வேண்டும்.

பயணம் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் மைல் வரவில்லையென்றால் கோரிக்கை வைக்கலாம். பலர் பறந்த நிறுவனத்துக்கு எழுதிக் காத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய இடம் நீங்கள் உறுப்பினராக உள்ள திட்டம். இங்கே அது மகாராஜா கிளப். அதன் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, விடுபட்ட மைல்களுக்கான படிவத்தில் விமான எண்ணையும் தேதியையும் 13 இலக்க டிக்கெட் எண்ணையும் கொடுக்க வேண்டும். பி.என்.ஆர். வேறு, டிக்கெட் எண் வேறு. லுஃப்தான்சா வழங்கிய டிக்கெட்டின் எண் 220 என்று தொடங்கும். போகும் பயணம், திரும்பும் பயணம் இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கப்படலாம். டிக்கெட்டில் ஒற்றை எழுத்தால் குறிக்கப்படும் கட்டண வகுப்பு அதற்குக் காரணமாக இருக்கும். கூட்டணி விமானங்களில் மிக மலிவான சில வகுப்புகளுக்கு மைலே கிடையாது. இதை டிக்கெட் வாங்கும்முன் திட்டத்தின் அட்டவணையில் பார்த்துவிடலாம்.

கோருவதற்குக் காலக்கெடு உண்டு; திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். செல்பேசியில் வந்ததென்றால் படமெடுத்துச் சேமித்துவையுங்கள்.