நாலு மாத்திரைக்கு பில் போடுமா?

என் சித்தப்பா மூன்று மருந்துக்கடைகள் வைத்திருக்கிறார். பழைய பில்லிங் மென்பொருளை மாற்றிவிடலாம் என்று ஒரு நிறுவனத்துக்கு எழுதினார். இரண்டே வரி: “எங்கள் கடைகளுக்கு மென்பொருள் வேண்டும். டெமோ காட்டுங்கள்.” வந்தவர் ஒரு மணி நேரம் கலர் கலராக வரைபடங்கள் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு கவுன்டரில் நிற்கும் பெண் கேட்டார்: “அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தா எப்படிங்க பில் போடறது?” அதற்கு 0.4 அட்டை என்று கையால் அடிக்க வேண்டுமாம். அந்த டெமோ அதோடு முடிந்தது.

அடுத்த கடிதத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ‘ஸ்டாக் மேனேஜ்மென்ட் வேண்டும்’ என்று எழுதினால் எல்லா நிறுவனமும் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் போடும். அதனால் ஒவ்வொரு தேவையையும் கடையில் நடக்கும் சம்பவமாகவே எழுதினோம். பத்து மாத்திரை உள்ள அட்டை 43 ரூபாய். நாலு விற்றால் பில் 17.20 வர வேண்டும், இருப்பில் ஆறு நிற்க வேண்டும். மறுநாள் இரண்டு திரும்பி வந்தால் அதே பேட்ச் எண்ணில் எட்டாக வேண்டும். ஒரே மருந்து இரண்டு பேட்ச் இருந்தால் முதலில் காலாவதியாவது முன்னால் வர வேண்டும், காலாவதியானதை பில்லில் ஏற்றவே கூடாது. எச்1 பட்டியல் மருந்து என்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் அளவு பதியாமல் பில் அச்சாகக் கூடாது. அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாலாவதாக, இன்டர்நெட் போனாலும் பில் ஓட வேண்டும்.

கட்டாயம் என்று எழுதியது இந்த நாலுதான். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி, மொபைல் செயலி போன்றவை ‘இருந்தால் நல்லது’ என்ற தலைப்புக்குக் கீழே போய்விட்டன. அவற்றையும் கட்டாயத்தில் சேர்த்திருந்தால், டெமோ நேரம் முழுக்க அந்த அழகிலேயே கழிந்திருக்கும்.

எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பதில்தான் சித்தப்பா முதலில் சறுக்கினார். ஊழியர் பதினொரு பேர், கணக்கர், அவர் என்று 13 எழுதினார். ஆனால் வேலை இரண்டு ஷிப்ட். ஒரே நேரத்தில் திறந்திருப்பது கடைக்கு இரண்டு கவுன்டர் வீதம் ஆறு, அவரும் கணக்கரும் சேர்த்து எட்டுதான். சில நிறுவனங்கள் பெயருக்கு ஒரு கட்டணம் வாங்கும், சில ஒரே நேரத்தில் நுழைபவரை மட்டும் எண்ணும். ஆளுக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் என்றால் முதல் கணக்கில் 1,17,000, இரண்டாவதில் 72,000. காசை மிச்சம்பிடிக்க ஒரே கடவுச்சொல்லை நாலு பேர் பகிர்வது மட்டும் கூடாது. பில்லை அழித்தது யார் என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. எனவே “13 பெயர், ஒரே நேரத்தில் 8 பேர்” என்று இரண்டையும் எழுதினோம்.

பட்ஜெட்டைச் சொன்னால் அதுவரை விலையை ஏற்றிவிடுவார்கள் என்று சித்தப்பா தயங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாவிட்டால் மூன்று லட்சம் கேட்பவருக்கும் ஒரு மதியம் வீணாகும். ஆனால் வெறும் தொகை போதாது, அதற்குள் எதெல்லாம் அடக்கம் என்றும் எழுத வேண்டும். “முதல் ஆண்டு 1 லட்சத்துக்குள். ஜிஎஸ்டி, பழைய தரவை மாற்றித் தருவது, பயிற்சி எல்லாம் சேர்த்து. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் தனியே சொல்லவும். டெமோவுக்கு முன்பே விலைப்பட்டியல் வேண்டும்.”

அந்த ஒரு வரி பலன் தந்தது. வந்த விலைப்பட்டியலில் உரிமம் 72,000, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 84,960. பயிற்சி இலவசம். தரவு மாற்ற 20,000, வரியோடு 23,600. மொத்தம் 1,08,560. கையிருப்பையும் பாக்கிக் கணக்கையும் மட்டும் மாற்றினால் போதும், பழைய பில்கள் வேண்டாம் என்றோம். மாற்றும் செலவு வரியோடு 11,800 ஆக இறங்கியது, மொத்தம் 96,760. பழைய கம்ப்யூட்டரை மட்டும் விற்காமல் ஓரமாக வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி கணக்குகளையும் எச்1 பதிவுகளையும் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்காட்ட வேண்டியிருக்குமே.

கடிதத்தோடு எங்கள் கடைச் சரக்கிலிருந்து முப்பது மருந்துகளை பேட்ச், காலாவதித் தேதியோடு எக்செல் கோப்பில் அனுப்பியிருந்தோம். டெமோவில் அதைத்தான் ஏற்றிக்காட்ட வேண்டும், மவுஸ் எங்கள் ஆள் கையில் இருக்கும் என்பது நிபந்தனை. கடிதம் போன மூன்று நிறுவனங்களில் ஒன்று, இன்டர்நெட் இல்லாமல் ஓடாது என்று நேர்மையாக எழுதி விலகிக்கொண்டது. இன்னொன்று மாத்திரை திரும்பப் பெறும் வசதி ‘அடுத்த அப்டேட்டில் வரும்’ என்றது. அதை ‘இல்லை’ என்றே குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது நிறுவனத்தின் ஆள் வந்தபோது அந்தப் பெண்தான் உட்கார்ந்தார். நாலு மாத்திரை அடித்தார், 17.20 வந்தது. இரண்டைத் திருப்பினார், இருப்பு எட்டு. பிறகு எழுந்துபோய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தார்.