ஆட்டம் உண்டா, இல்லையா?

ராத்திரி மழை பெய்தால், சென்னையின் சின்ன கிரிக்கெட் கிளப் ஒன்றின் செயலாளருக்கு ஞாயிறு விடியும் முன்பே போன் மேல் போன். எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஆட்டம் உண்டா?

இத்தனைக்கும் அவர் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் தகவல் அனுப்பியிருப்பார். ஆனால் அவருடைய எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் பலர் சேமிப்பதில்லை.

அதனால்தான் உறுப்பினர்களுக்கு இப்போது ஓர் அறிவிப்பு. பெவிலியன் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, அறிவிப்புக் குழுவில் சேரக் கோரிக்கை அனுப்ப வேண்டும். செயலாளர் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து அனுமதிப்பார். லிங்க் வெளியே சுற்றினாலும் அவர் அனுமதிக்காமல் வேற்றாள் நுழைய முடியாது. குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம். ‘குட் மார்னிங்’ பூங்கொத்துகளுக்கு அடியில் மைதானம் மாறிய செய்தி புதையாது. நியாயமான கண்டிப்புதான்!

மாதிரிச் செய்தி ஒன்றும் அறிவிப்பில் இருக்கிறது: “காலை 6.30. பிட்ச் ஈரம். 8 மணிக்கு அம்பயர் பார்ப்பார். அடுத்த தகவல் 8.15-க்கு; அதுவரை கிளம்ப வேண்டாம்.”

குழுவை மியூட் செய்தவருக்குச் சத்தம் கேட்காது. எனவே செய்தியைப் படித்ததும் கட்டைவிரல் ரியாக்ஷன் போட வேண்டும். அட்மின் அல்லாதவர்களாலும் அது முடியும். பத்துப் பேர் போட்டு விக்கெட் கீப்பர் மட்டும் போடாவிட்டால், அவருக்கு நேரடியாகப் போன் போகும்.