திரையில் ஏறும் தொகை, கைக்கு வராத பணம்

“வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை. தினமும் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம்.” முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால், பலர் சிரித்துவிட்டு அழித்துவிடுவார்கள். ஆனால் வேலை தேடி அலுத்துப்போன பட்டதாரிக்கும், கைக்குழந்தையுடன் வீட்டில் இருக்கும் தாய்க்கும் அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடிவதில்லை. மோசடிக் கும்பல்கள் குறிவைப்பது இவர்களைத்தான். இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல இது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2023இல் இத்தகைய ‘டாஸ்க்’ வேலை மோசடி பற்றிச் சுமார் 5,000 புகார்கள் வந்தன. 2024இன் முதல் ஆறு மாதங்களிலேயே அது சுமார் 20,000 ஆனது.

இந்த மோசடி எப்படி நகர்கிறது என்று பார்க்க, கோவையில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும்; படிகள் பெரும்பாலும் மாறுவதில்லை.

முதல் நாள் அவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை. கூகுள் மேப்ஸில் மூன்று ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். ஒன்றுக்கு 50 ரூபாய். பிறகு டெலிகிராமில் இன்னொருவரிடம் அனுப்புகிறார்கள். அவர் யூபிஐ முகவரியைக் கேட்டு வாங்கி, 150 ரூபாயை உடனே போட்டுவிடுகிறார். பணம் உண்மையாகவே வந்துவிட்டதால் சந்தேகம் கரைகிறது.

அடுத்து அவரை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ அறிமுகமாகிறது. 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும் என்கிறார்கள், கட்டுகிறார், வருகிறது. குழுவில் இருக்கும் மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் லாபம் வந்ததாக ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கும்பலின் ஆட்கள்தான்.

இப்போது ஓர் இணையதளத்தில் கணக்கு தொடங்கிக் கொடுக்கிறார்கள். 5,000 கட்டுகிறார். இம்முறை பணம் திரும்பவில்லை. “இது மூன்று டாஸ்க் சேர்ந்த தொகுப்பு, மூன்றையும் முடித்தால்தான் எடுக்க முடியும்” என்கிறார்கள். அடுத்ததற்கு 18,000, அதற்கடுத்ததற்கு 42,000. நகையை அடகு வைத்துக் கட்டுகிறார். திரையில் அவர் கணக்கில் 1,06,000 ரூபாய் இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால், 30 சதவீத வரியாக 31,800 ரூபாயை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று செய்தி வருகிறது.

இந்த இடத்தில் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவர் கட்டியது 66,000 ரூபாய். அவர் வங்கிக்கு வந்தது 1,450 ரூபாய். திரையில் தெரியும் 1,06,000 எந்த வங்கியிலும் இல்லை. அந்தத் தளத்தை நடத்துபவர் தட்டச்சு செய்த வெறும் எண் அது. நாளை அதையே பத்து லட்சமாகவும் மாற்றிக் காட்டலாம். வரி என்பதும் பொய். உண்மையான சம்பளத்தில் வரி பிடிப்பதாக இருந்தால், அந்தத் தொகையிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சம்பளம் தருபவரிடமே வரியை முன்பணமாகக் கட்டும் வழக்கம் எங்கும் கிடையாது.

படித்தவர்கள் இதில் எப்படி விழுகிறார்கள் என்று ஏளனமாகக் கேட்பவர்கள் உண்டு. அது நியாயமற்ற கேள்வி. 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். ‘கவனமாக வண்டி ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அழகற்ற பலகையை வீட்டின் முன் நட அனுமதி கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேரே சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பு அதே கருத்துள்ள சின்னஞ்சிறு அட்டையை வைக்கச் சம்மதித்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். சிறியதற்குச் சரி என்று சொன்ன மனம், பெரியதற்கு மறுக்கத் தயங்குகிறது. மோசடிக்காரர்கள் தரும் 150 ரூபாய் அந்தச் சின்ன அட்டையின் வேலையைச் செய்கிறது. பின்னர், போட்ட பணத்தை மீட்க வேண்டுமே என்ற பதைப்பு மேலும் மேலும் கட்டவைக்கிறது.

போலி நேர்காணல் அழைப்பு இதே மோசடியின் இன்னொரு முகம். பெயர்பெற்ற நிறுவனத்தின் இலச்சினையோடு மின்னஞ்சல் வரும். நேர்காணல் வெறும் சாட்டிங்கிலேயே முடிந்துவிடும். அன்றே பணி ஆணை கைக்கு வரும். அதன்பின் மடிக்கணினிக்கு, பயிற்சிக்கு, பின்னணிச் சரிபார்ப்புக்கு என்று ‘திருப்பித் தரப்படும்’ வைப்புத்தொகை கேட்பார்கள். இங்கே மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். நிறுவனத்தின் தளம் example.com என்றால் hr@example.com அவர்களுடைய முகவரி. hr@example-careers.com என்பது யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாயில் பதிவு செய்யக்கூடிய வேறொரு பெயர். அனுப்புநர் முகவரியையே போலியாகக் காட்டவும் முடியும் என்பதால், இந்தச் சோதனை மட்டும் போதாது. நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து, அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் கேட்காவிட்டாலும் ஆதார், பான், ரத்து செய்த காசோலை, செல்ஃபி எல்லாவற்றையும் கேட்டால் எச்சரிக்கை தேவை. அவற்றை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்க முடியும், சிம் கார்டு எடுக்க முடியும். நல்ல நிறுவனமும் பான், வங்கி விவரம் கேட்கும். ஆனால் அது நீங்கள் நேரிலோ வீடியோவிலோ மனிதர்களைச் சந்தித்து, வேலை உறுதியான பிறகு. ஓடிபி, யூபிஐ பின், திரையைப் பகிரும் செயலி ஆகியவை எந்த முதலாளிக்கும் எந்தக் கட்டத்திலும் தேவையில்லை. உங்கள் வங்கிக் கணக்கைக் கமிஷனுக்குப் பயன்படுத்தக் கேட்பதும் ஒரு ‘வேலை’யாக வருகிறது. பிறரிடம் திருடிய பணம் அதன் வழியே போகும். கணக்கு முடக்கப்படும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

பணம் போய்விட்டால் முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது ரொக்கமாக எடுக்கப்படும் முன் புகார் சேர்ந்தால், மிச்சம் இருப்பதை வங்கி நிறுத்திவைக்க முடியும். ஒவ்வொரு பரிமாற்றத்தின் யூடிஆர் எண்ணையும் குறித்துவையுங்கள். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. “இழந்ததை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்” என்று பின்னர் வருபவரையும் நம்பாதீர்கள். அது அடுத்த மோசடி.

உங்கள் வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் இன்றே ஒரு விதியைச் சொல்லிவையுங்கள்: வேலை தருபவர் பணம் தர வேண்டும்; எந்தப் பெயரில் கேட்டாலும், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், நாம் தரக் கூடாது. ஏமாந்துவிட்டால் திட்டமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த தவணையைக் கட்டும் முன் அவர்கள் உங்களிடம் வருவார்கள்.